ஆங்கிலத்தில் ஒப்பந்தம், தமிழ் மட்டும் படிக்கும் அம்மா: எந்த மொழிபெயர்ப்பு உதவும்?

வீட்டில் படுத்திருக்கும் பெரியவரைப் பார்த்துக்கொள்ள ஏஜென்சி மூலம் ஆள் வைக்கும்போது, கையெழுத்துப் போடுபவர் ஒருவர், அந்த ஒப்பந்தத்தின்படி நாளும் பொழுதும் நடக்க வேண்டியவர் வேறொருவர். பெரும்பாலும் முதலாமவர் வெளியூரில் இருக்கும் மகனோ மகளோ. இரண்டாமவர் வீட்டில் இருக்கும் அம்மா. ஒப்பந்தம் ஆங்கிலத்தில் வரும். "தமிழில் ஒரு காப்பி வேண்டும்" என்று கேட்கத் தோன்றுவது அப்போதுதான்.

ஒரு உதாரணக் குடும்பம். மதுரை. அப்பாவுக்கு 79 வயது, பக்கவாதத்தில் வலது பக்கம் செயலிழந்திருக்கிறது. சர்க்கரை நோயும் உண்டு, காலையும் இரவும் இன்சுலின். அம்மாவுக்கு 72. தமிழ்ப் பேப்பரை ஒரு வரி விடாமல் படிப்பவர், ஆங்கிலம் தெரியாது. மகன் ஓசூரில் வேலை பார்க்கிறார். வீட்டோடு தங்கும் அட்டெண்டர், மாதம் 27,000 ரூபாய், ஒவ்வொரு மாதமும் முன்கூட்டியே கட்ட வேண்டும். மெயிலில் ஆறு பக்க ஒப்பந்தம் வந்திருக்கிறது. இவர்களுக்கு முன்னால் நான்கு வழிகள் இருக்கின்றன. ஏஜென்சியிடமே தமிழ்ப் படி கேட்கலாம். மொழிபெயர்ப்பாளரிடம் முழுவதையும் கொடுத்து நோட்டரி முத்திரையோடு வாங்கலாம். மகனே உட்கார்ந்து தமிழில் எழுதித் தரலாம். அல்லது பணி, நேரம், முடிவு என்ற மூன்று பிரிவுகளை மட்டும் தமிழில் எழுதி, இரு தரப்பும் கையெழுத்திட்ட இணைப்பாகச் சேர்க்கலாம்.

எதை எடுப்பது என்று பார்ப்பதற்கு முன்னால், தமிழ்ப் படிக்கு இரண்டு வேலை உண்டு என்பதைப் பிரித்துக்கொள்வது நல்லது. ஒன்று, அம்மாவுக்குப் புரிய வேண்டும். இன்னொன்று, நாளைக்குத் தகராறு வந்தால் அதைக் காட்டி ஏஜென்சியிடம் கேட்க முடிய வேண்டும். முதல் வேலைக்கு நல்ல தமிழ் போதும். இரண்டாவதற்கு ஏஜென்சியின் கையெழுத்து வேண்டும். தமிழ் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும், கையெழுத்து ஆங்கிலப் படியில் மட்டும் இருந்தால், ஒப்பந்தம் என்பது அந்த ஆங்கிலப் படிதான். "எனக்கு ஆங்கிலம் தெரியாது, படிக்காமல் போட்டுவிட்டேன்" என்ற வாதம், ஏமாற்று நடந்தது என்று காட்ட முடிந்தால் ஒழிய, பொதுவாக எடுபடுவதில்லை. "கோ-ஆர்டினேட்டர் போனில் சொன்னாரே" என்பதும் அப்படித்தான். எழுத்தில் ஒப்பந்தம் இருக்கும்போது, அதற்கு முரணான வாய்ப்பேச்சைச் சாட்சியச் சட்டம் லேசில் உள்ளே விடாது.

நோட்டரி முத்திரையைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1952-ஆம் ஆண்டு நோட்டரிகள் சட்டத்தின்படி, ஆவணத்தை மொழிபெயர்க்கவும் மொழிபெயர்ப்பைச் சரிபார்க்கவும் நோட்டரிக்கு அதிகாரம் உண்டு. ஆனால் அந்த முத்திரை ஏஜென்சியை எதற்கும் கட்டுப்படுத்தாது. 'இது அதனுடைய மொழிபெயர்ப்பு' என்பதற்கு அது சான்று, அவ்வளவே. முத்திரை விழுந்துவிட்டால் தமிழ்ப் படியும் ஒப்பந்தமாகிவிடும் என்று நினைத்துச் செலவு செய்பவர்கள் நிறைய.

சரி, இந்த நான்கு வழிகளும் ஒப்பந்தத்தின் மூன்று பிரிவுகளிலும் எப்படித் தாக்குப்பிடிக்கின்றன என்று பார்ப்போம். எல்லா வேறுபாடும் அங்கேதான் தெரியும்.

பணி

ஆங்கிலப் படியில் இந்தப் பிரிவு பெரும்பாலும் நாலைந்து வரிதான். அன்றாடச் செயல்களில் உதவி, மருந்தில் உதவி, நோயாளி சார்ந்த சிறு வீட்டு வேலை. இதை மகன் அவசரத்தில் தமிழாக்கினால், "குளிக்க வைப்பது, மருந்து கொடுப்பது, சின்னச் சின்ன வீட்டு வேலை" என்று வரும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இரண்டு இடத்தில் பணியின் எல்லை நகர்ந்துவிட்டது.

முதலாவது மருந்து. அட்டெண்டர் செய்வது, டாக்டர் சீட்டில் எழுதியபடி குடும்பத்தார் பிரித்து வைத்த மாத்திரையை நேரத்துக்கு எடுத்துக் கொடுப்பது. ஊசி போடுவது, மூக்கு வழிக் குழாய் மாற்றுவது, சிறுநீர்க் குழாய் செருகுவது, புண்ணுக்குக் கட்டு மாற்றுவது எல்லாம் நர்ஸ் வேலை. அதற்கு வேறு ஆள், வேறு கட்டணம். "மருந்து கொடுப்பது" என்று தமிழில் படித்த அம்மா, இன்சுலினும் அதில் அடங்கும் என்றுதான் எடுத்துக்கொள்வார். முதல் நாள் காலையிலேயே அது சண்டையாகும். அதைவிட மோசம், அட்டெண்டராக வந்த பெண் தயவுதாட்சண்யத்துக்காக ஊசியைக் கையில் எடுத்துவிடுவது. அளவு தவறி அப்பாவுக்குச் சர்க்கரை இறங்கிவிட்டால், 'இது எங்கள் ஆளின் பணியே இல்லை' என்று ஏஜென்சி ஒதுங்கிக்கொள்ளும். ஆங்கிலப் படி அவர்களுக்குத் துணை நிற்கும்.

இரண்டாவது வீட்டு வேலை. 'நோயாளி சார்ந்த' என்ற சொற்கள் தமிழில் விழுந்துவிட்டால் வீடு முழுக்கப் பெருக்கலாம் என்று பொருள் வந்துவிடும். இணைப்பில் இதை இப்படி எழுதலாம்:

"அப்பாவின் அறை, படுக்கை, அவருடைய துணி, அவர் சாப்பிட்ட பாத்திரம் ஆகியவற்றைச் சுத்தம் செய்வது அட்டெண்டரின் பணி. வீட்டில் உள்ள மற்றவர்களுக்குச் சமைப்பது, அவர்கள் துணியைத் துவைப்பது, மற்ற அறைகளைப் பெருக்குவது இதில் சேராது. மாத்திரையை நேரத்துக்கு எடுத்துக் கொடுப்பார். இன்சுலின் உள்பட எந்த ஊசியும் போடமாட்டார்."

ஆங்கிலத்தில் இவ்வளவு விவரம் இல்லையே, மொழிபெயர்ப்பில் சேர்க்கலாமா என்று கேட்கலாம். மொழிபெயர்ப்பாளர் சேர்க்க முடியாது, சேர்க்கவும் கூடாது. அவருடைய வேலை மூலத்தில் இருப்பதைத் தருவது. மூலம் மொட்டையாக இருந்தால் தமிழும் மொட்டையாகத்தான் இருக்கும். முழு மொழிபெயர்ப்பின் வரம்பே இதுதான். இருதரப்பும் கையெழுத்திடும் இணைப்பில் அந்தத் தடை இல்லை. அங்கே மொழிபெயர்ப்போடு தெளிவும் சேரலாம், ஏஜென்சி ஒப்புக்கொண்டால் அது ஒப்பந்தத்தின் பகுதியாகிவிடும். அப்போதுதான் இன்சுலினுக்கு யார் என்ற கேள்வியும் முன்கூட்டியே எழும். தெருவில் இருக்கும் கிளினிக் நர்ஸை இரு வேளையும் வரச் சொல்வதா, அம்மாவே கற்றுக்கொள்வதா என்பதை ஆள் வருவதற்கு முன்பே முடிவு செய்துவிடலாம்.

இன்னொன்றும் உண்டு. இந்த ஒப்பந்தம் குடும்பத்துக்கும் ஏஜென்சிக்கும் இடையிலானது. வேலைக்கு வரும் பெண் இதில் ஒரு தரப்பு அல்ல, அவருக்கும் ஏஜென்சிக்கும் தனிப் பேச்சு. பெரும்பாலும் அவர் இந்தத் தாளைப் பார்த்தே இருக்கமாட்டார். பணிப் பிரிவு தமிழில் தனித்தாளாக இருந்தால், முதல் நாள் அவரையும் உட்காரவைத்து அம்மா படித்துக் காட்டலாம். 'எனக்கு இப்படிச் சொல்லவில்லையே' என்று அவர் சொன்னால், அன்றைக்கே ஏஜென்சிக்குப் போன் போட்டுவிடலாம். ஆறு பக்க நோட்டரிப் படியை வைத்துக்கொண்டு இதைச் செய்ய யாருக்கும் பொறுமை இருக்காது.

நேரம்

'24 மணி நேரச் சேவை' என்பதுதான் இந்தத் தொழிலில் அதிகம் தவறாகப் படிக்கப்படும் சொற்றொடர். விளம்பரத்திலும் ரசீதிலும் அப்படித்தான் இருக்கும். ஒப்பந்தத்தின் உள்ளே போனால், அட்டெண்டர் வீட்டிலேயே தங்குவார், நாளொன்றுக்கு இத்தனை மணி நேரம் தொடர் ஓய்வு, உணவும் படுக்க இடமும் குடும்பம் தர வேண்டும் என்று இருக்கும். உடன் இருப்பது 24 மணி நேரம். விழித்திருந்து வேலை செய்வது 24 மணி நேரம் அல்ல. இரவில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைக்க வேண்டிய நோயாளி என்றால், தங்கும் ஆள் ஒருவர் போதாது. 12 மணி நேர ஷிஃப்டில் இரண்டு பேர் வேண்டும். கட்டணமும் வேறு.

ஏஜென்சியே தரும் தமிழ்ப் படி பெரும்பாலும் இங்கேதான் கோட்டைவிடும். பல ஏஜென்சிகளிடம் தமிழில் ஒரு தாள் கேட்டால் தருவார்கள். அது ஒப்பந்தத்தின் மொழிபெயர்ப்பாக இருக்காது, விளம்பர நோட்டீஸாக இருக்கும். '24 மணி நேரமும் அன்பான கவனிப்பு' என்று அதில் இருக்கும், ஓய்வு நேரம் இருக்காது. இலவசமாக, உடனே கிடைக்கிறது என்பதைத் தவிர அதற்கு வேறு பெருமை கிடையாது. அதை ஒப்பந்தத்தின் வரிசை எண்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஆங்கிலத்தில் 14 பிரிவு, தமிழில் 6 பத்தி என்றால் அது மொழிபெயர்ப்பு இல்லை. ஆனால் எல்லோரையும் ஒரே தராசில் வைக்க வேண்டாம். எண்ணுக்கு எண் சரியாகத் தமிழில் வைத்திருந்து, அதிலும் கையெழுத்துப் போட்டுத் தர ஒப்புக்கொள்ளும் ஏஜென்சி கிடைத்தால் வேறு எதையும் தேட வேண்டாம். அதைவிட நல்ல வழி இல்லை.

நேரப் பிரிவில் கவனிக்க வேண்டிய இன்னொரு இடம் விடுமுறை. அட்டெண்டர் மாதத்தில் ஊருக்குப் போகும் நாட்களில் மாற்று ஆள் 'தரப்படும்' என்பதும் 'தர முயற்சி செய்யப்படும்' என்பதும் ஒன்றல்ல. 'ஆள் கிடைப்பதைப் பொறுத்து' என்று ஒரு வால் இருந்தால் பொங்கல், தீபாவளிக்கு ஆள் வராது என்று எழுதி வைத்துக்கொள்ளலாம். நல்ல மொழிபெயர்ப்பாளர் இந்த வாலை விடமாட்டார். வீட்டில் செய்பவர்கள் வாக்கியம் நீளமாகிறதே என்று வெட்டிவிடுவார்கள். நான் பார்த்த வீட்டு மொழிபெயர்ப்புகளில் காணாமல் போவது கடினமான சட்டச் சொற்களைவிட இந்த மாதிரி நிபந்தனைத் துண்டுகள்தான்.

முடிவு

பணம் இருக்கும் பிரிவு இது. இங்கே இரண்டு வேறு விஷயங்கள் ஒன்றாகக் குழம்பும். இப்போது வந்திருக்கும் ஆள் பிடிக்கவில்லை, வேறு ஆள் வேண்டும் என்பது ஒன்று. ஏஜென்சியே வேண்டாம் என்பது இன்னொன்று. ஒப்பந்தத்தில் இவை தனித்தனிப் பிரிவுகள், விதிகளும் வேறு. தமிழில் இரண்டாவதை 'பணிநீக்கம்' என்று தலைப்பிட்டுவிட்டால், ஆளை நிறுத்துவது பற்றிய பிரிவு இதுதான் என்று அம்மா எடுத்துக்கொள்வார். ஆளை மாற்றச் சொல்ல வேண்டிய இடத்தில் "நிறுத்திக்கொள்கிறோம்" என்று மெசேஜ் போடுவார். ஏஜென்சி ஒப்பந்தத்தையே முடித்து, நோட்டீஸ் காலக் கட்டணத்தைக் கழித்துக்கொள்ளும். 'ஒப்பந்தத்தை முடித்தல்' என்றும் 'ஆளை மாற்றுதல்' என்றும் இரண்டு தலைப்பாகப் போட்டால் இந்தக் குழப்பம் வராது.

இப்போது கணக்கு. மாதம் 27,000, முப்பது நாளுக்குப் பிரித்தால் நாளுக்கு 900. ஒன்றாம் தேதி ஆள் வந்தார் என்று வையுங்கள். ஒப்பந்தம் சொல்வது இது: எந்தத் தரப்பும் 7 நாள் எழுத்து மூல முன்னறிவிப்போடு முடிக்கலாம், வேலை செய்யாத நாட்களுக்கான பணம் திரும்பத் தரப்படும், அலுவலக நேரத்துக்குப் பிறகு வரும் அறிவிப்பு அடுத்த அலுவலக நாளில் கிடைத்ததாகக் கொள்ளப்படும். 10-ஆம் தேதி சனிக்கிழமை. மாலை ஆறு மணிக்கு அம்மா போனில் சொல்கிறார். "ஏழு நாள் முன்னால் சொன்னால் போதும்" என்று மகன் தமிழில் எழுதிக் கொடுத்திருந்ததால், 17-ஆம் தேதியோடு முடிந்தது, மீதி 13 நாளுக்கு 11,700 ரூபாய் திரும்பி வரும் என்பது அவர் கணக்கு.

ஏஜென்சியின் கணக்கு வேறு. போனில் சொன்னது அறிவிப்பே இல்லை. மகன் அன்றிரவே மெயில் அனுப்பியிருந்தாலும், அது 12-ஆம் தேதி திங்கட்கிழமை கிடைத்ததாகத்தான் கொள்ளப்படும். மறுநாளிலிருந்து ஏழு நாள் எண்ணினால் 19. மீதி 11 நாள், 9,900 ரூபாய். 1,800 ரூபாய் இடைவெளி. மெயில் அனுப்பவே தோன்றாமல் 15-ஆம் தேதிதான் அனுப்பினார் என்றால் இன்னும் கூடும். 'எழுத்து மூலம்' என்ற இரண்டு சொல்லும், அலுவலக நேரம் பற்றிய வரியும் விடுபட்டதன் விலை இது. இணைப்பில், எந்த எண்ணுக்கு வாட்ஸ்அப் அனுப்பினால் எழுத்து மூல அறிவிப்பாக ஏற்கப்படும் என்று எழுதி வாங்கிவிட்டால் அம்மாவே அதை அனுப்பிவிடலாம், மகனைத் தேட வேண்டியதில்லை. கட்டாயம் கேட்டுப் பார்க்க வேண்டிய மாற்றம் இது.

முடிவுப் பிரிவின் ஓரத்திலேயே இன்னொரு விதி ஒளிந்திருக்கும். ஏஜென்சி அனுப்பிய ஆளை ஒப்பந்தம் முடிந்த பின் இத்தனை மாதத்துக்கு நேரடியாக வேலைக்கு வைக்கக் கூடாது, வைத்தால் மூன்று மாதக் கட்டணம் தர வேண்டும் என்பது போல. இந்தக் குடும்பத்துக்கு அது 81,000 ரூபாய். அம்மாவுக்குக் கட்டாயம் தெரிய வேண்டிய வரி இது. ஏனென்றால் "அம்மா, நான் ஏஜென்சி இல்லாமலே வருகிறேன், இருபதாயிரம் கொடுங்கள்" என்று அந்தப் பெண் கேட்கப்போவது அம்மாவிடம்தான். 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவின்படி, இப்படி எழுதிவைத்த தொகை உச்சவரம்புதான். அதற்குள் நியாயமான இழப்பீடு எவ்வளவோ அதைத்தான் நீதிமன்றம் தரச் சொல்லும். ஆனால் ஏஜென்சி உங்கள் முன்பணத்தைக் கையில் வைத்திருக்கும்போது அந்தச் சட்டம் உடனே உதவிக்கு வந்துவிடாது.

காரணமே இல்லாமல் ஏஜென்சி மட்டும் உடனே முடிக்கலாம், குடும்பம் மட்டும் நோட்டீஸ் தர வேண்டும் என்று எழுதியிருந்தால் அது வேறு விஷயம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 'நியாயமற்ற ஒப்பந்தம்' என்பதற்குத் தரும் விளக்கத்தில், நியாயமான காரணமின்றி ஒருதலைப்பட்சமாக முடிக்கும் உரிமையும், அளவுக்கு மீறிய வைப்புத்தொகையும் இருக்கின்றன. மொழிபெயர்க்கும்போது 'எந்தத் தரப்பும்' என்று இருக்கிறதா, 'நிறுவனம்' என்று மட்டும் இருக்கிறதா என்று எழுவாயைக் கவனியுங்கள். தமிழில் எழுவாயை விட்டுவிட்டு எழுதுவது நமக்கு இயல்பாக வரும். "உடனடியாக முடித்துக்கொள்ளலாம்" என்று எழுதிவிட்டால், யார் என்பதே தெரியாது.

அப்புறம், எதை எடுப்பது?

இந்தக் குடும்பத்துக்கு நான் நான்காவது வழியைத்தான் சொல்வேன். மூன்று பிரிவுகளை இரண்டு பத்தியாக, இடப்பக்கம் ஆங்கிலம், வலப்பக்கம் தமிழ், அதே வரிசை எண்ணோடு எழுதுவது. ஆறு பக்கத்தில் இவை ஒன்றரைப் பக்கத்துக்கு மேல் வராது. மீதியில், எந்த ஊர் நீதிமன்றம், யாருக்கு எவ்வளவு பொறுப்பு, ரகசியம் காப்பது போன்றவற்றை ஓரிரு வரியில் சுருக்கிச் சொன்னால் அம்மாவுக்குப் போதும். மகன் எழுதலாம், ஆனால் ஒரு சோதனையோடு. ஆங்கிலப் படியைப் பார்க்காத ஒருவரிடம் தமிழை மட்டும் கொடுத்து, "சனிக்கிழமை மாலை போனில் நிறுத்தச் சொன்னால் எவ்வளவு பணம் வரும்?", "இன்சுலின் யார் போடுவார்?" என்று கேட்க வேண்டும். ஆங்கிலப்படி வர வேண்டிய விடை வராவிட்டால் அந்த வரியைத் திருத்த வேண்டும். சட்ட நடை தெரிந்த மொழிபெயர்ப்பாளரிடம் இந்த ஒன்றரைப் பக்கத்தை மட்டும் சரிபார்க்கக் கொடுத்தால் செலவு, முழுதுக்கும் ஆவதில் ஒரு பங்குதான்.

ஒரு தடங்கல் வரும். 'இரு படிகளுக்கும் முரண் வந்தால் ஆங்கிலப் படியே செல்லும்' என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்கலாம். அப்படி இருந்தால் இணைப்பின் தலையில் "பணி, நேரம், முடிவு ஆகியவற்றில் இந்த இணைப்பே செல்லும்" என்று எழுதிக் கையெழுத்து வாங்காமல், இணைப்பால் பயன் பாதிதான்.

ஏஜென்சி கையெழுத்திட மறுத்தால்? மறுப்பார்கள், சிலர் தலைமை அலுவலகத்தைக் காட்டி இழுப்பார்கள். அப்போது முதல் பணம் கட்டுவதற்கு முன், அதே தமிழ் இணைப்பை மெயிலிலும் வாட்ஸ்அப்பிலும் அனுப்பி, "ஒப்பந்தத்தை நாங்கள் இப்படிப் புரிந்துகொண்டிருக்கிறோம், தவறு இருந்தால் பதில் எழுதுங்கள்" என்று கேட்பது அடுத்த நல்ல வழி. கையெழுத்துக்கு ஈடாகாது. ஆனால் படித்துப் பார்த்து, பதிலில் "சரி" என்று எழுதிவிட்டு ஆளை அனுப்பியவர்கள், பிறகு நுகர்வோர் ஆணையத்தில் வேறு மாதிரிப் பேசுவது கொஞ்சம் கஷ்டம்.

முழு மொழிபெயர்ப்பு, நோட்டரி எல்லாம் தேவைப்படும் நிலையும் உண்டு. தகராறு முற்றி வழக்குக்குப் போகும்போது. அல்லது ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடப்போவதே ஆங்கிலம் தெரியாத அம்மாவாக இருக்கும்போது. பின்னதில் ஆறு பக்கத்தையும் முழுசாகத் தமிழில் கொடுத்து, "தமிழில் படித்துப் புரிந்துகொண்டு கையெழுத்திடுகிறேன்" என்ற வரியோடு இரண்டு படியிலும் இரு தரப்பின் கையெழுத்தையும் வாங்குவதே முறை. அதுவரை அட்வான்ஸ் கட்ட வேண்டாம்.